ஸ்கிரீன்ஷாட்டில் நிறமிட்ட வரிகளும் ஓரக் கருத்துகளும்: இணைப்பு அறாமல் இரண்டு பட்டியல்களாக எழுதுவது எப்படி?

வாடகை ஒப்பந்தம், மொழிபெயர்ப்பு, ஆய்வேடு என்று எந்த வரைவாக இருந்தாலும் இப்போது திருத்தங்கள் கணினித் திரையிலேயே நடக்கின்றன. ஒருவர் சில சொற்களைத் தேர்ந்தெடுத்துக் கருத்து எழுதுகிறார். அந்தச் சொற்களுக்கு நிறம் ஏறுகிறது. வலது ஓரத்தில் ஒரு குமிழி முளைக்கிறது. பிறகு அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பெறுபவருக்குக் கிடைப்பது ஒரு படம்தான். அதை எழுத்தாக மாற்ற வேண்டிய தேவை பலருக்கு வருகிறது: திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற நண்பருக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம், கோப்பில் பதிவாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம், திருத்துபவரிடம் வேலைப் பட்டியலாகத் தர வேண்டியிருக்கலாம்.

நிறமிட்ட பகுதிகளை ஒரு பட்டியலாகவும் கருத்துகளை இன்னொரு பட்டியலாகவும் எழுதுவது இதற்கு ஏற்ற வழி. எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்வது இதில் எளிய பகுதி. எந்தக் கருத்து எந்தச் சொற்களுக்கு உரியது என்பதை மீட்டெடுப்பதில்தான் பிழை நேர்கிறது.

## கோப்பில் இருப்பது என்ன, படத்தில் தொலைவது என்ன?

வேர்டு கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதற்குள் பல சிறு கோப்புகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தின் வாசகம் `document.xml` என்ற கோப்பிலும், ஓரக் கருத்துகள் `comments.xml` என்ற வேறொரு கோப்பிலும் இருக்கும். இரண்டையும் சேர்ப்பது ஓர் எண். வாசகத்தின் பக்கம் அது இப்படி இருக்கும்:

```
<w:commentRangeStart w:id="2"/>
<w:r><w:t>ரூ. 70,000</w:t></w:r>
<w:commentRangeEnd w:id="2"/>
<w:r><w:commentReference w:id="2"/></w:r>
```

கருத்தின் பக்கம் அதே எண் மறுபடியும் வரும்:

```
<w:comment w:id="2">
  <w:p><w:r><w:t>மூன்று மாதம் போதாதா?</w:t></w:r></w:p>
</w:comment>
```

அதாவது, கோப்புக்குள் ஏற்கெனவே இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. இடையில் ஒரு பொது எண் இருக்கிறது. திரையில் காட்டும்போது மென்பொருள் அந்த எண்ணை மறைத்துவிட்டு, நிறத்தாலும் இடத்தாலும் சில வேளைகளில் மெல்லிய கோட்டாலும் தொடர்பை உணர்த்துகிறது. பழைய வேர்டு பதிப்புகள் குமிழியிலேயே கருத்தாளரின் முதலெழுத்தையும் எண்ணையும் அச்சிட்டன. இன்றைய பதிப்புகளின் வழக்கமான காட்சியில் அந்த எண் தெரிவதில்லை.

ஸ்கிரீன்ஷாட் எடுத்த கணமே எண் போய்விடுகிறது. குமிழியைச் சொடுக்கினால் உரிய வரி ஒளிரும் வசதியும் போய்விடுகிறது. மிஞ்சுவது நிறமும் இடமும் மட்டுமே. எழுதியெடுப்பவரின் வேலை, தொலைந்துபோன அந்த எண்ணைச் சான்றுகளைக் கொண்டு மீண்டும் வழங்குவது.

வரைவை அனுப்பியவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்க முடியுமானால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். படத்திலிருந்து ஊகிக்க வேண்டியதெல்லாம் அங்கே எழுதியே இருக்கும். ஆனால் பிடிஎஃப் கோப்பில் இவ்வளவு எளிதில்லை. அதில் நிறமிட்ட இடம் பக்கத்தின் மேல் ஆயத்தொலைவுகளாக மட்டுமே குறிக்கப்படுகிறது. எந்தச் சொற்கள் என்பதை அந்த இடத்தில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

## ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம்

விளக்கத்துக்காக ஒரு கடை வாடகை ஒப்பந்த வரைவை எடுத்துக்கொள்வோம். ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் வாசகம் இது:

> 3. மாத வாடகை ரூ. 14,000. இதை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்.
>
> 4. முன்பணமாக ரூ. 70,000 பெறப்பட்டது. கடையைக் காலி செய்யும்போது பழுதுகளுக்கான செலவைக் கழித்துக்கொண்டு மீதித் தொகை திருப்பித் தரப்படும்.
>
> 5. கடையைக் காலி செய்ய நான்கு மாத முன்னறிவிப்பு தர வேண்டும்.
>
> 6. மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் கடைக்காரர் பொறுப்பு.

மூன்றாம் பிரிவுக்கு மேலே முதல் இரண்டு பிரிவுகளும் தலைப்பும் முழுமையாகத் தெரிகின்றன. அவற்றில் நிறம் எதுவும் இல்லை. வலது ஓரத்தில் ஐந்து குமிழிகள் இருக்கின்றன. முதல் குமிழியில் கடைக்காரரின் கேள்வியும் அதன் கீழே உரிமையாளரின் பதிலும் இருப்பதால் அது நீண்டுகிடக்கிறது. அடுத்த குமிழியில் ஒரே வரி: "மூன்று மாதம் போதாதா?"

அந்தக் குமிழி, படத்தில் சரியாக ஐந்தாம் பிரிவுக்கு நேராக இருக்கிறது. ஐந்தாம் பிரிவிலோ "நான்கு மாத முன்னறிவிப்பு" என்ற சொற்கள் நிறமிடப்பட்டிருக்கின்றன. நான்கு மாதம் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு நேராக "மூன்று மாதம் போதாதா?" என்ற கேள்வி! அவசரத்தில் பார்க்கும் எவரும் இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். பொருளும் பொருந்துகிறது, இடமும் பொருந்துகிறது. ஆனால் அந்தக் கேள்வி முன்பணத்தைப் பற்றியது. 70,000 ரூபாய் என்பது ஐந்து மாத வாடகை. மூன்று மாத வாடகையை, அதாவது 42,000 ரூபாயை முன்பணமாக வாங்கினால் போதாதா என்று கடைக்காரர் கேட்கிறார்.

தவறாக இணைத்தால் என்ன ஆகும்? உரிமையாளர் முன்னறிவிப்பைத் தாராளமாக மூன்று மாதமாகக் குறைத்துவிட்டு, கடைக்காரரின் குறை தீர்ந்தது என்று நினைப்பார். முன்பணத்துக்கு எதிர்ப்பு எழுந்ததாகவே பதிவில் இருக்காது. 28,000 ரூபாய் பற்றிய பேச்சு ஓர் இணைப்புப் பிழையில் காணாமல் போய்விடும். இரண்டு பட்டியல்களையும் படிக்கும் எவருக்கும் சந்தேகம்கூட வராது என்பதுதான் இதில் மோசமான பகுதி.

## குமிழி ஏன் தன் வரிக்கு நேராக இருப்பதில்லை?

குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது என்பதற்காக மென்பொருள் அவற்றைக் கீழே தள்ளிக்கொண்டே போகிறது. முதல் கருத்தில் பதில் சேரச் சேர, அடுத்த குமிழி தன் வரியை விட்டு இறங்குகிறது. அது இறங்கினால் அதற்கடுத்ததும் இறங்குகிறது. நம் படத்தில் கடைசி இரண்டு குமிழிகள் ஆறாம் பிரிவையும் தாண்டி வெற்றிடத்துக்கு எதிரே நிற்கின்றன. கூகுள் டாக்ஸில் ஒரு கருத்தைச் சொடுக்கியிருந்தால் அது தன் வரிக்கு நேராக வர, மற்றவை மேலும் கீழும் ஒதுங்கிவிடும்.

இவ்வளவு நகர்ந்தாலும் ஒன்று பெரும்பாலும் மாறுவதில்லை: வரிசை. வாசகத்தில் முன்னால் வரும் பகுதியின் குமிழி ஓரத்திலும் மேலே இருக்கும். ஆகவே "எது எதற்கு நேராக இருக்கிறது" என்று பார்ப்பதைவிட, "மேலிருந்து எத்தனையாவது" என்று எண்ணுவது நம்பத்தக்க வழி. ஒன்றுக்குள் ஒன்றாக அமையும் நிறமிடல்களிலும் ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு நிறமிடல்களிலும் மட்டும் வரிசையைத் தனியே நம்பக் கூடாது.

## இணைப்பைக் கண்டுபிடிக்கும் முறை

தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே இணைப்பை முடித்துவிட வேண்டும். எழுதிக்கொண்டே இணைத்தால், பாதி வழியில் நேர்ந்த பிழை மீதி எல்லாவற்றையும் ஒரு படி தள்ளிவிடும்.

1. எண்ணுங்கள். நிறமிட்ட பகுதிகளையும் குமிழிகளையும் தனித்தனியாக எண்ணுங்கள். பதில்களைக் குமிழியாக எண்ணக் கூடாது; அவை தாய்க் கருத்துக்குள் அடங்கும். நம் படத்தில் குமிழிகள் ஐந்து. மேலோட்டமாகப் பார்த்தால் நிறமிட்ட இடங்களும் ஐந்து: 5ஆம் தேதிக்குள், ரூ. 70,000, பழுதுகள் பற்றிய தொடர், நான்கு மாத முன்னறிவிப்பு, தண்ணீர்க் கட்டணமும். எண்ணிக்கை பொருந்திவிட்டது என்று இங்கேயே மகிழ்ந்துவிடக் கூடாது.

2. நிறத்தின் வகையைப் பிரியுங்கள். "தண்ணீர்க் கட்டணமும்" என்பதன் மஞ்சள் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருக்கிறது. அது கருத்தால் வந்த நிறமல்ல. ஒருவர் நிறப்பேனாக் கருவியால் பூசியது. கோப்பில் அது எழுத்தின் தடிமன், சாய்வு போன்ற வெறும் ஓர் அலங்காரமாகவே பதிவாகும். அதற்கு எண்ணும் இல்லை, குமிழியும் இல்லை. அதேபோல, நீக்கியதையும் வடிவம் மாற்றியதையும் அறிவிக்கும் குமிழிகளும் ஓரத்தில் வரலாம். அவை மாற்றங்களின் பதிவு. கருத்துகளின் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

3. ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த நிறத்தைத் தேடுங்கள். இப்போது பகுதிகள் நான்கு, குமிழிகள் ஐந்து. ஒன்று குறைகிறது. நான்காம் பிரிவைப் பெரிதாக்கிப் பார்த்தால், "பழுதுகளுக்கான" என்பதில் தொடங்கும் நிறம் "மீதித் தொகை" என்ற இடத்தில் அடர்த்தியாகிறது. நான்காவது குமிழியின் விளிம்பும் மற்றவற்றைவிட அழுத்தமாக இருக்கிறது. படம் எடுத்தபோது அந்தக் கருத்து சொடுக்கப்பட்ட நிலையில் இருந்திருக்கிறது. அதன் எல்லைதான் அடர்நிறமாகத் தெரிகிறது. ஆக, இங்கே இருப்பது ஒரு பகுதியன்று. பெரியதன் உள்ளே சிறியதாக இரண்டு பகுதிகள்.

4. உறுதியான ஒன்றை முளையாக அடித்து, மற்றவற்றை அதிலிருந்து அளவிடுங்கள். நான்காவது குமிழி "மீதித் தொகை திருப்பித் தரப்படும்" என்பதற்கு உரியது என்பது உறுதியாகிவிட்டது. அதற்கு மேலே மூன்று குமிழிகள். வாசகத்தில் அதற்கு முன்பும் மூன்று பகுதிகள். கீழே ஒரு குமிழி, ஒரு பகுதி. இரண்டு பக்கமும் கணக்கு சரியாக விழுவதால், "மூன்று மாதம் போதாதா?" என்ற இரண்டாவது குமிழி இரண்டாவது பகுதியான "ரூ. 70,000" உடன் சேர்கிறது.

5. படத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். பக்கத்தை நடுவில் வெட்டியிருந்தால், முதல் குமிழி படத்தில் இல்லாத முந்தைய வரிக்கு உரியதாக இருக்கலாம்; கடைசிப் பகுதியின் குமிழி கீழே வெட்டுப்பட்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்து நேர்ந்தால் எண்ணிக்கை பொருந்தும். ஆனால் ஒவ்வோர் இணைப்பும் ஒரு படி தவறியிருக்கும். நம் படத்தில் தலைப்பிலிருந்தே எல்லாம் தெரிவதாலும், இடையில் ஒரு முளை இருப்பதாலும் அந்த ஐயம் இல்லை.

பொருள் பொருந்துகிறதா என்று பார்ப்பதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். முன்பணக் கேள்வி காட்டியதுபோல, பொருள் பல இடங்களுக்குப் பொருந்தும். வரிசையும் நிறமும் சொன்னதைச் சரிபார்க்க அது உதவும். அவை பேசாத இடத்தில் அது ஊகம் மட்டுமே.

## இரண்டு பட்டியல்களின் வடிவம்

பகுதிகளுக்கு "ப" என்றும் கருத்துகளுக்கு "க" என்றும் முன்னெழுத்து வைத்து எண்ணிடலாம். இணைப்பு இரண்டு பக்கமும் எழுதப்பட வேண்டும்: பகுதியின் முடிவில் கருத்தின் எண், கருத்தின் தொடக்கத்தில் பகுதியின் எண். இணைப்பை எந்தச் சான்றால் முடிவு செய்தோம் என்பதை ஒரு சொல்லில் சதுர அடைப்புக்குள் குறிப்பது என் கண்டிப்பான பரிந்துரை. பின்னால் ஐயம் எழுந்தால் எதை முதலில் சரிபார்ப்பது என்று அது காட்டும்.

நிறமிட்ட பகுதிகள்

- ப1. பிரிவு 3: "5ஆம் தேதிக்குள்" → க1
- ப2. பிரிவு 4: "ரூ. 70,000" → க2
- ப3. பிரிவு 4: "பழுதுகளுக்கான செலவைக் கழித்துக்கொண்டு மீதித் தொகை திருப்பித் தரப்படும்" → க3
- ப4. பிரிவு 4, ப3-க்குள் அடங்கியது: "மீதித் தொகை திருப்பித் தரப்படும்" → க4
- ப5. பிரிவு 5: "நான்கு மாத முன்னறிவிப்பு" → க5
- ப6. பிரிவு 6: "தண்ணீர்க் கட்டணமும்" → கருத்து இல்லை, நிறம் மட்டும்

கருத்துகள்

- க1 → ப1. கடைக்காரர்: "மாதத் தொடக்கத்தில் கொள்முதல் செலவு இருக்கும். 10ஆம் தேதி என்று வைக்கலாமா?" [வரிசை]
  - க1-இன் பதில். உரிமையாளர்: "10 சரி."
- க2 → ப2. கடைக்காரர்: "மூன்று மாதம் போதாதா?" [வரிசை]
- க3 → ப3. கடைக்காரர்: "எவை பழுது? சாதாரணத் தேய்மானத்தைச் சேர்க்கக் கூடாது. மேலும் [தொடர்ச்சி படத்தில் இல்லை]" [வரிசை]
- க4 → ப4. கடைக்காரர்: "எத்தனை நாளுக்குள்?" [அடர்நிறம்]
- க5 → ப5. கடைக்காரர்: "இது உரிமையாளருக்கும் பொருந்துமா?" [வரிசை]

இந்தப் பக்கத்தில் இரண்டு எண்களும் ஒத்துப்போவது தற்செயல். ப1-க்கே இரண்டு கருத்துகள் இருந்தால் ப3-க்கு க4 உரியதாகிவிடும். நிறப்பேனா பூசிய இடம் ப2-ஆக நடுவில் வந்தால் ப3-க்கு க2 உரியதாகிவிடும். ஆகவே "ஒரே எண் என்றால் ஒரே இணை" என்று விட்டுவிடாமல் அம்புக்குறியை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும்.

ப4-ஐத் தனி வரியாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. க4-இல் உள்ள "எத்தனை நாளுக்குள்?" என்பது பணத்தைத் திருப்பித் தரும் கெடுவைப் பற்றியது. அதை ப3 முழுவதற்கும் உரியதாக எழுதினால், பழுதுகளைக் கணக்கிட எத்தனை நாள் என்ற கேள்வியாகவும் படிக்கலாம். வாசகத்தின் நடுவிலேயே அடைப்புக்குறிக்குள் கருத்தைச் செருகும் முறையில் இந்த வேறுபாட்டைக் காட்டுவது கடினம். அட்டவணையும் கைப்பேசிச் செய்தியில் சிதைந்துவிடும். இரண்டு பட்டியல்கள் எங்கே ஒட்டினாலும் குலையாமல் நிற்கின்றன. திரைவாசிப்பானும் அவற்றை வரிசையாகப் படித்துவிடும்.

மேற்கோளுக்குள் நிறமிட்ட சொற்கள் மட்டுமே வர வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நிறம் சொல்லின் நடுவில் தொடங்கினால் அந்த எழுத்திலிருந்தே எழுத வேண்டும். "5ஆம் தேதிக்குள்" என்பது தனியாக நிற்கும்போது எதைப் பற்றியது என்று தெரியாது என்பதற்காகத்தான் பிரிவு எண் மேற்கோளுக்கு வெளியே இருக்கிறது. மூலத்தில் "முன்பனம்" என்று பிழையாக இருந்தால் அப்படியே எழுதி, பக்கத்தில் [உள்ளபடி] என்று குறிப்பிடலாம். ஒருவேளை அந்தப் பிழையைப் பற்றித்தான் கருத்தே இருக்கும். நாம் திருத்திவிட்டால் கருத்துக்குப் பொருளே போய்விடும்.

## எழுத்துணரி மென்பொருளை நம்பினால்

படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் எழுத்துணரி மென்பொருள் வேலையைக் குறைக்கும். ஆனால் அது வாசகத்தையும் ஓரத்தையும் ஒரே வரியாக எடுத்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் படித்துவிடுவது உண்டு. அப்போது கிடைப்பது இப்படி இருக்கும்: "கடையைக் காலி செய்ய நான்கு மாத மூன்று மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும். போதாதா?" இதைப் பார்த்தவுடன் பிழை தெரிந்துவிடும். குமிழியின் கடைசிச் சொல் மட்டும் வாசகத்தில் ஒட்டிக்கொண்டால் கண்டுபிடிப்பது கடினம். படத்தை வாசகம் ஒரு துண்டு, ஓரம் ஒரு துண்டு என்று செங்குத்தாக வெட்டி, தனித்தனியாகக் கொடுத்தால் இந்தக் குழப்பம் நீங்கும்.

நிறத்தின் எல்லைகளை எழுத்துணரி பொதுவாகத் தருவதில்லை. அதைக் கண்ணால்தான் குறிக்க வேண்டும். தீர்ந்துவிட்டதாகக் குறிக்கப்பட்ட கருத்துகள் வேர்டின் பழைய பதிப்புகளில் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அவற்றை எழுத்துணரி முழுவதுமாகத் தவறவிடவும் கூடும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பல எழுத்துருக்களில் "ர" என்ற எழுத்தும் கால் குறியும் ஏறத்தாழ ஒரே வடிவம். "வாடகை" என்பதை "வரடகை" என்று எடுத்துக்கொண்டாலும் திரையில் வேறுபாடு தெரியாது. திரைவாசிப்பான் படிக்கும்போது தெரியும், தேடும்போதும் தெரியும். எனவே எழுதி முடித்த கோப்பில் "வாடகை", "மாத" போன்ற அடிக்கடி வரும் சொற்களைத் தட்டச்சு செய்து தேட வேண்டும். கண்ணுக்கு ஐந்து இடத்தில் தெரியும் சொல் தேடலில் நான்கு இடத்தில்தான் கிடைக்கிறது என்றால், ஐந்தாவது இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது.

## சரிபார்ப்பு

எழுதியவரே மீண்டும் படிப்பதால் இணைப்புப் பிழை வெளிப்படாது. அவர் எதை எதனுடன் சேர்த்தாரோ அதையே மறுபடியும் பார்ப்பார். படத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் இரண்டு பட்டியல்களையும், நிறமில்லாத வெறும் வாசகத்தையும் கொடுக்க வேண்டும். அவர் ப1 முதல் ப6 வரை உள்ள பகுதிகளைப் பேனாவால் கோடிட்டு, ஓரத்தில் கருத்து எண்களை எழுதட்டும். அந்தத் தாளைப் படத்துடன் ஒப்பிட்டால், எல்லை தவறிய இடமும் எண் தள்ளிப்போன இடமும் உடனே தெரியும். "மாத" போன்ற ஒரு சொல் இரண்டு பிரிவுகளில் வரும்போது எதைக் கோடிடுவது என்று அவர் தடுமாறினால், பகுதிப் பட்டியலில் இடக்குறிப்பு போதவில்லை என்று பொருள்.

இவ்வளவு செய்தும் படம் தராத சில விவரங்கள் இருக்கின்றன. க3-இன் மீதி வாக்கியம் அவற்றில் ஒன்று. "மேலும்" என்பதற்குப் பிறகு கடைக்காரர் என்ன நிபந்தனை வைத்தார் என்பதை இந்தப் படத்திலிருந்து யாராலும் எழுத முடியாது. அந்தக் குமிழியை விரித்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். பட்டியலை அனுப்பும்போதே அந்தக் கோரிக்கையையும் எண்ணோடு சேர்த்து எழுதிவிடலாம்: "க3 முழுமையாக இல்லை, விரித்த நிலையில் படம் தேவை."